கையை எண்ணிய கடிகாரம்

விசில் டீச்சருக்கு நிஜப் பெயர் ஒன்று உண்டு. அது சம்பளப் பட்டியலில் மட்டும்தான் வாழ்ந்தது. நகராட்சி நீச்சல் குளத்துக்கு வருகிற பெரியவர், சின்னவர் எல்லாருக்கும் அவர் விசில் டீச்சர். கழுத்தில் எப்போதும் விசில் தொங்கும். பாதி நேரம் அதை ஊதவே தேவையிருக்காது, குரலே போதும். குளத்துக்கு எதிரே இருக்கும் தபால் ஆபீசில் ஒருமுறை ஸ்டாம்பு வாங்க நின்றபோது, "முட்டியை மடக்காதீங்க!" என்று குளத்துக்குள்ளிருந்து டீச்சர் கத்தியதைக் கேட்டு வரிசையில் நின்ற நாலு பேர் விறைத்து நின்றதை நானே பார்த்திருக்கிறேன்.

நான் அந்தக் குளத்தில் சாவி கொடுக்கிறவன். லாக்கர் சாவி, துண்டு, மறந்துபோன நீச்சல் கண்ணாடி, காதில் தண்ணீர் போனவர்களுக்குப் பஞ்சு, இவை என் இலாகா. கவுண்டரில் உட்கார்ந்தால் கண்ணாடித் தடுப்பு வழியாகக் குளம் முழுக்கத் தெரியும். அதனால் டீச்சரைப் பற்றி எனக்குத் தெரிந்த அளவு அவர் கணவருக்குக்கூடத் தெரியாது. கணவர் பஸ் ஓட்டுநர். ஐம்பது பேரை மலைப்பாதையில் அலுங்காமல் ஏற்றி இறக்குவார், ஆனால் இடுப்பளவு தண்ணீரைப் பார்த்தால் கால் உதறும். குளிக்கும்போது தலைக்கு ஊற்றிக்கொள்ளும் முன் மூன்று முறை யோசிப்பாராம். இதை டீச்சரே ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார்.

டீச்சர் பதினைந்து வயதில் இருநூறு மீட்டரில் மாநில அளவில் மூன்றாவதாக வந்தவர். இருபத்திரண்டில் உயிர்க்காவலராக வேலைக்குச் சேர்ந்து, பிறகு பயிற்சியாளரானார். பதவி உயர்வுக்காக ஒரு டிப்ளமோ படிக்கச் சொன்னார்கள். உடலியங்கியல் தாளில் இரண்டு முறை தோற்றார். முதல் முறை கேள்வி புரியவில்லை. இரண்டாம் முறை, "நீந்தும்போது இதயத்தில் ஏற்படும் மாற்றங்களை விளக்குக" என்ற கேள்விக்கு, "குளத்துக்கு வாங்க, காட்டுறேன்" என்று ஒற்றை வரியில் எழுதிவிட்டு எழுந்து வந்துவிட்டார். திருத்தியவருக்கு நீச்சல் தெரியாது போலிருக்கிறது.

அவரிடம் ஒரே ஒரு கருவிதான் உண்டு. சுவரில் மாட்டியிருக்கும் பெரிய கடிகாரம், அதில் சிவப்பு விநாடி முள். நீந்தி வந்து சுவரைத் தொட்டதும், "கழுத்துல ரெண்டு விரலை வைங்க. ஆறு செகண்டு எண்ணுங்க. பின்னாடி ஒரு சைபர் போடுங்க. அவ்வளவுதான் உங்க சயின்ஸ்," என்பார். பதினொன்று எண்ணினால் நூற்றுப் பத்து. கணக்கில் வீக்கானவர்களுக்கும் ஒத்துவரும் முறை.

இந்த ராஜ்ஜியத்துக்குள் கைக்கடிகாரத்தோடு நுழைந்தவர்தான் சர்வேயர்.

நில அளவைத் துறையில் முப்பத்தைந்து வருடம் சங்கிலி இழுத்து ஓய்வு பெற்றவர். அளந்து பார்க்காத எதையும் நம்பாதவர். முதல் நாளே என்னிடம் வந்து, "தம்பி, குளம் இருபத்தஞ்சு மீட்டர்னு போர்டுல போட்டிருக்கு. யார் அளந்தது?" என்றார். எனக்கு வயது நாற்பத்தாறு. தம்பி என்று கூப்பிட்டதற்காகவே அவரைப் பிடித்துப் போயிற்று.

அவருக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. ஆஸ்பத்திரி மறுவாழ்வுப் பிரிவில் மூன்று மாதம் நடக்கவிட்டு, டிரெட்மில்லில் சோதித்து, நீந்தலாம் என்று அனுமதித்திருந்தார்கள். ஒரு காகிதமும் கொடுத்திருந்தார்கள். அதில் உடற்பயிற்சியின்போது துடிப்பு நூற்றைந்திலிருந்து நூற்றுப் பதினெட்டுக்குள் இருக்க வேண்டும் என்று எழுதியிருந்தது. மகள் பிறந்தநாளுக்கு ஒரு கைக்கடிகாரம் வாங்கிக் கொடுத்தாள். அடியில் பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டு துடிப்பைச் சொல்லும் வகை. காகிதமும் கடிகாரமும் சேர்ந்ததும் மனிதருக்குப் பழைய உத்தியோகம் திரும்பி வந்த மாதிரி ஆகிவிட்டது. அளப்பதற்கு நிலம் இல்லாவிட்டால் என்ன, நெஞ்சு இருக்கிறதே.

பிரச்சினை, கடிகாரம் நூற்றைந்தைத் தொடவே மாட்டேன் என்றது.

நடக்கும்போது நூற்றுப் பன்னிரண்டு காட்டியது நீந்தும்போது எண்பத்தெட்டு காட்டும். அடுத்த தடவை அறுபத்தாறு. சில சமயம் இரண்டு கோடு மட்டும் போட்டுவிட்டுச் சும்மா இருக்கும். சர்வேயர் சுவரைப் பிடித்துக்கொண்டு அதை முறைப்பார்.

"டீச்சர், எண்பத்தெட்டுதான் வருது. நான் ஒழுங்கா நீந்தலையா?"

"நல்லாத்தான் நீந்துறீங்க. அந்தச் சனியனைக் கழட்டி லாக்கர்ல வைங்க."

"ஆஸ்பத்திரியில நூத்தஞ்சுன்னு எழுதியிருக்காங்களே."

"அவங்க எழுதினது உங்களுக்கு. இந்த டப்பாவுக்கு இல்ல."

சர்வேயர் தலையாட்டுவார், கழற்ற மாட்டார். குறியை எட்டவில்லை என்றால் முயற்சி போதவில்லை என்று அர்த்தம், இன்னும் வேகமாகக் கையை வீச வேண்டும். அவர் கணக்கு அவ்வளவுதான்.

குளிர்காலத்தின் நடுவில் குளத்தின் ஹீட்டர் படுத்தது. உதிரி பாகம் வரப் பத்து நாள் ஆகும் என்றார்கள். தண்ணீர் பத்தொன்பது டிகிரிக்கு இறங்கியது. பாதிப் பேர் நின்றுவிட்டார்கள். மீதிப் பேர் உள்ளே இறங்கும்போது போடுகிற சத்தத்தைக் கேட்டால் பிரசவ வார்டு தோற்றுப் போகும். டீச்சர் எல்லாரையும் மெதுவாக, படி வழியாக, கழுத்தின் பின்புறத்தில் தண்ணீரைத் தெளித்துக்கொண்டு இறங்கச் சொன்னார். சடாரென்று இறங்கினால் மூச்சு தூக்கிப் போடும், நெஞ்சு படபடக்கும் என்பது அனுபவத்தில் தெரியும். சர்வேயரிடம் தனியாகவே சொன்னார்.

"சார், நீங்க பத்து நாள் லீவு எடுத்துக்கங்க."

"ரெண்டே ரெண்டு தடவை போய்ட்டு வந்துடறேன் டீச்சர். பழக்கம் விட்டுப்போயிடும்."

டீச்சர் அரை மனதோடு விட்டார். ஓர லேனில் மட்டும், கைக்கெட்டும் தூரத்தில், நின்று நின்று நீந்த வேண்டும் என்பது நிபந்தனை. இன்றுவரை அந்த அரை மனதை நினைத்தால் டீச்சர் தன்னையே திட்டிக்கொள்வார்.

மூன்றாவது நாள். சர்வேயர் இரண்டு நீளம் போனார். கடிகாரம் அறுபத்து நான்கு. நான்காவது நீளமும் முடித்தார். இரண்டு கோடு. கோபம் வந்துவிட்டது. ஐந்தாவது நீளத்தை அவர் போன வேகம், எங்கள் குளத்தில் யாரும் பார்க்காதது. கை இரண்டும் காற்றாடி. தண்ணீர் என் கண்ணாடித் தடுப்பு வரை தெறித்தது. மறுபக்கத்தில் நின்ற டீச்சர் பழக்கதோஷத்தில் சிவப்பு முள்ளைப் பார்த்துக் கை வீச்சுகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

ஆறாவது நீள முடிவில் சர்வேயர் சுவரைப் பிடித்தார், அப்படியே தொங்கினார். உதடு நீலம். வாயைத் திறந்தார், வார்த்தை வரவில்லை, காற்றுதான் போய் வந்தது.

விசில் சத்தம் நான் கேட்டேன். அடுத்த விநாடி டீச்சர் டிராக் சூட்டோடு தண்ணீரில் இருந்தார். நானும் கவுண்டரை விட்டு ஓடினேன். இருவருமாக அவரைப் படியில் ஏற்றி, பெஞ்சில் சாய்த்து, இரண்டு துண்டும் என் ஸ்வெட்டரும் போட்டுச் சுற்றினோம். டீச்சர் கழுத்தில் விரல் வைத்தார்.

"நெஞ்சு வலிக்குதா?"

இல்லை என்று தலையாட்டினார்.

"கை, தாடை எங்கயாவது இழுக்குதா?"

இல்லை.

டீச்சர் சிவப்பு முள்ளைப் பார்த்து உதட்டுக்குள் எண்ணினார். பதின்மூன்று. நூற்று முப்பது. பிறகு மெதுவாகச் சர்வேயரின் மணிக்கட்டைத் திருப்பினார். கடிகாரம் இன்னும் எழுபத்திரண்டிலேயே நின்றிருந்தது.

மூச்சு வாங்கிக்கொண்டே, அந்த நிலையிலும், சர்வேயர் சொன்னார்: "எழுபத்தி... ரெண்டு... தான் டீச்சர்."

"யோவ், வாயை மூடுயா!" என்றார் டீச்சர். பொது இடத்தில் அவர் ஒரு மூத்த குடிமகனை 'யோவ்' போட்டது அதுதான் முதல் முறை. பிறகு சட்டென்று சிவப்பு முள்ளைத் திரும்பிப் பார்த்தார். சர்வேயர் நீந்தும்போது, தான் எண்ணியது நினைவுக்கு வந்திருந்தது. இரண்டு கையும் சேர்த்து நிமிடத்துக்கு எழுபத்திரண்டு வீச்சு.

"அடப்பாவி," என்றார் மெதுவாக, கடிகாரத்தைப் பார்த்து. "இது நெஞ்சை எண்ணல. கையை எண்ணிக்கிட்டிருக்கு."

ஆம்புலன்ஸ் வந்தது. ஆஸ்பத்திரியில் இரவு முழுக்க வைத்துப் பார்த்தார்கள். ஈ.சி.ஜி., ரத்தப் பரிசோதனை எல்லாம் ஒழுங்காக இருந்தன. அளவுக்கு மீறி உடம்பை வருத்தியிருக்கிறார், வேறொன்றுமில்லை என்று அனுப்பினார்கள்.

மறுநாள் காலை சர்வேயரின் மனைவி குளத்துக்கு வந்தார். ரிட்டயர்டு தலைமையாசிரியை. அவர் கதவைத் திறந்து உள்ளே வந்ததும் நானே எழுந்து நின்றுவிட்டேன்.

"யார் இங்க டீச்சர்?"

"நான்தான்மா."

"செத்துப் போயிருந்தா யார் பதில் சொல்லியிருப்பீங்க?"

டீச்சர் வாதாடவில்லை. "நான்தான் சொல்லியிருக்கணும். இறங்க விட்டிருக்கக் கூடாது," என்றார். தலைமையாசிரியை அடுத்த ஐந்து நிமிடத்துக்குத் தயாரித்து வந்திருந்த பேச்சு வீணாகப் போயிற்று. நாற்காலியில் உட்கார்ந்தார். நான் டீ கொண்டுவந்து கொடுத்தேன்.

"அந்த வாட்ச்சை உடைச்சுப் போட்டுருங்க," என்றார் டீச்சர். "தண்ணியில அது சொல்றது அத்தனையும் பொய்."

அங்கேதான் டீச்சருக்குப் பாதி தப்பு. அது அடுத்த வாரம் தெரிந்தது.

ஹீட்டர் சரியான பிறகு, மறுவாழ்வுப் பிரிவிலிருந்து பிசியோ வந்தாள். முப்பது வயதுப் பெண், தோளில் பை, பையில் மார்பில் கட்டுகிற ஒரு பட்டை. சர்வேயரும் மனைவியும் கூடவே வந்தார்கள். மனைவி வந்தது நீந்த அல்ல, காவலுக்கு.

பிசியோ முதலில் சர்வேயரை வெளியே பதினைந்து நிமிடம் நடக்க விட்டாள். முழு வாக்கியம் பேச முடிகிற, ஆனால் பாட முடியாத வேகம். பட்டை நூற்றுப் பதினைந்து சொன்னது. கைக்கடிகாரமும் நூற்றுப் பதினான்கு சொன்னது. தரையில் அது யோக்கியன்.

"இப்ப தண்ணியில, அதே அளவு மூச்சு வாங்குற மாதிரி நீந்துங்க. சுவரை உதைக்காம திரும்புங்க, பட்டை நழுவிடும்."

டீச்சர் பட்டையைச் சந்தேகத்தோடு பார்த்தார். "இது மட்டும் எப்படி உண்மை பேசும்?"

"வாட்ச் வெளிச்சம் அடிச்சு, தோலுக்கு அடியில ரத்தம் கூடிக் குறையறதைப் பார்த்து ஊகிக்குது. இந்தப் பட்டை இதயத்தோட மின்சாரத்தையே நேரா வாங்குது. ஆனா தண்ணிக்குள்ள இதோட ரேடியோ வெளிய வராது. உள்ள சேமிச்சு வச்சுக்கும், மேல வந்தப்புறம் பார்க்கணும்."

பத்து நிமிடம் சர்வேயர் சாதுவாக நீந்தினார். மனைவி கரையிலேயே கூட நடந்தார், இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும். மேலே வந்ததும் பிசியோ போனில் பார்த்தாள். சராசரி நூற்றிரண்டு.

டீச்சர் தன் விரல் கணக்கைச் சொன்னார்: நூறு. கைக்கடிகாரம் ஐம்பத்தெட்டு.

"அப்போ என் கணக்கு சரி, வாட்ச் பொய்," என்றார் டீச்சர்.

"சரிதான். ஆனா நூத்திரண்டும் நூத்திப் பதினஞ்சும் ஒண்ணு இல்லியே," என்றாள் பிசியோ. "அதே உழைப்பு, அதே மூச்சு. தண்ணிக்குள்ள இதயம் நிஜமாவே குறைச்சலாத்தான் அடிக்குது. வாட்ச்சைத் தூக்கிப் போட்டாலும் சார் நூத்தஞ்சைத் துரத்தியிருந்தா தப்புதான்."

டீச்சர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். முப்பது வருடமாகக் கழுத்தில் விரல் வைத்து எண்ணியவருக்கு, தரையில் அதே ஆட்களை எண்ணிப் பார்க்கத் தோன்றியதே இல்லை. எப்படித் தோன்றும்? தரையில் அவர்களைப் பார்த்தால் அவருக்கு அடையாளமே தெரியாது.

"ஏன் குறையுது?" என்றார். கேட்ட தொனியில் தோற்றுப்போன டிப்ளமோ தாளின் வாசனை அடித்தது.

பிசியோ பெஞ்சில் உட்கார்ந்து சொன்னாள். நிற்கும்போது ரத்தம் காலில் தேங்கப் பார்க்கும், அதை மேலே இதயத்துக்கு ஏற்ற வேண்டும். நீந்தும்போது ஆள் படுத்த வாக்கில் இருக்கிறார், போதாததற்குத் தண்ணீர் சுற்றிலும் அமுக்குகிறது. ரத்தம் சுலபமாக நெஞ்சுக்குத் திரும்புகிறது. இதயம் ஒவ்வொரு தடவையும் அதிகமாக நிரம்பி அதிகமாகத் தள்ளுகிறது. அதனால் குறைந்த அடியிலேயே வேலை முடிகிறது. தண்ணீர் உடம்பைக் குளிர வைப்பதால், சூட்டை வெளியேற்றத் தோலுக்கு ரத்தம் அனுப்புகிற வேலையும் மிச்சம்.

"பஸ்ல பெரிய டேங்க் இருந்தா அடிக்கடி பங்க்குக்கு ஓட வேண்டாம்," என்றார் டீச்சர். கணவர் பாஷை.

"கிட்டத்தட்ட. அதுக்கு மேல, முகம் குளிர்ந்த தண்ணியில முழுகி மூச்சை அடக்கினா, நரம்பு வழியா இதயத்துக்கு 'மெதுவாப் போ'ன்னு ஒரு உத்தரவு போகும். எல்லா மனுஷனுக்கும் இருக்கு. பார்க்கறீங்களா?"

என் கவுண்டருக்குப் பின்னால் ஒரு வாளி இருந்தது. குளிர்ந்த தண்ணீர் ஊற்றி, ஐஸ் பெட்டியிலிருந்து கொஞ்சம் கட்டியும் போட்டேன். சர்வேயர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு முன்னால் வந்தார்.

"நீங்க கூடவே கூடாது," என்றாள் பிசியோ. "மூச்சை அடக்குறதும் திடீர்க் குளிரும் உங்களுக்கு ஆகாது. ஒண்ணு மெதுவாப் போன்னு சொல்லும், இன்னொண்ணு ஓடுன்னு சொல்லும். நடுவுல உங்க இதயம் மாட்டிக்கும்."

டீச்சர் குனிந்தார். கழுத்தில் பிசியோவின் விரல். முன்பு எழுபத்து நான்கு, முகம் முழுகி இருபது விநாடியில் ஐம்பத்தெட்டு. தலையைத் தூக்கி, தண்ணீர் சொட்டச் சொட்ட, "இது மட்டும் தெரிஞ்சிருந்தா பரீட்சையில ஒரு பக்கம் எழுதியிருப்பேனே," என்றார்.

அடுத்து யாரும் எதிர்பார்க்காமல் தலைமையாசிரியை கண்ணாடியைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு வாளிக்குள் முகத்தை விட்டார். எண்பதிலிருந்து ஐம்பத்தாறு.

"முப்பத்தெட்டு வருஷத்துல," என்றார் சர்வேயர் பயபக்தியோடு, "இவ இவ்வளவு அமைதியா இருந்து நான் பார்த்ததில்ல. அந்த வாளியை வீட்டுக்குக் கொண்டுபோகலாமா?"

முகத்தைத் துடைத்துக்கொண்டே மனைவி அவரைப் பார்த்த பார்வையில் அவருடைய துடிப்பு நிச்சயம் நூற்றைந்தைத் தாண்டியிருக்கும்.

மீதி விசாரணை கடிகாரத்தின் மேல் நடந்தது. கடிகார வார் இறுக்கமில்லாததால் விளக்குக்கும் தோலுக்கும் நடுவே தண்ணீர் ஓடுகிறது, வெளிச்சம் சிதறுகிறது. குளிரில் மணிக்கட்டுத் தோலின் ரத்தக் குழாய்கள் சுருங்கிக்கொள்கின்றன, ரத்தமே வராத இடத்தில் அது எதைப் பார்க்கும்? அதனால்தான் இரண்டு கோடு. போதாததற்குக் கடிகாரம் கட்டிய கை ஒவ்வொரு சுற்றிலும் குலுங்குகிறது. தண்ணீருக்குள் நுழையும்போது ஒன்று, வெளியே வரும்போது ஒன்று. ஒழுங்கான தாளத்தில் வருகிற குலுக்கலை அது துடிப்பு என்று எடுத்துக்கொள்ளும்.

சர்வேயருக்கு இது காதால் கேட்டால் போதாது. ஆழம் குறைந்த பக்கத்தில் நின்று, டீச்சர் சிவப்பு முள்ளைப் பார்த்து எண்ணிச் சொல்ல, நிமிடத்துக்கு முப்பது சுற்று கையைத் தண்ணீரில் சுழற்றினார். கொஞ்ச நேரம் கடிகாரம் தடுமாறியது, பிறகு அறுபதில் உட்கார்ந்தது. நாற்பது சுற்று ஆக்கினார். எழுபத்தொன்பது, எண்பது. சும்மா நின்றுகொண்டு!

"நான் அன்னிக்கு என் கையையே துரத்திக்கிட்டு இருந்திருக்கேன்," என்றார். முதல் முறையாக அவர் முகத்தில் பயம் தெரிந்தது.

"எப்பவும் இப்படி அகப்படாது, சில சமயம் தாறுமாறாவும் போகும்," என்றாள் பிசியோ. "இன்னொண்ணு. அன்னிக்கு மேல தூக்கினப்புறம் டீச்சர் எண்ணினதே நூத்திமுப்பது. அப்ப தண்ணியில அதுக்குக் குறைவா இருந்திருக்காது. அது, தரையில நூத்தி நாப்பதுக்கு மேல ஓடின மாதிரி."

தலைமையாசிரியை கணவரின் ஈரத் தோளில் துண்டைப் போட்டார், கொஞ்சம் அழுத்தியே.

பிசியோ காகிதத்தைத் திருத்தி எழுதினாள். தண்ணீரில் எண்ணிக்கையைத் துரத்தக் கூடாது. சுவருக்கு வந்ததும் டீச்சரிடம் ஒரு முழு வாக்கியம் மூச்சு முட்டாமல் சொல்ல முடிய வேண்டும், அதுதான் அளவு. கழுத்தில் எண்ணினால் தரையைவிடப் பத்துப் பன்னிரண்டு குறைவாக இருப்பது சரியே. தண்ணீர் குளிர்ந்திருந்தால் இறங்கவே வேண்டாம்.

முழு வாக்கியம் என்று எழுதியது தப்பாகப் போயிற்று. சர்வேயர் ஒவ்வொரு சுவரிலும் தன் உத்தியோக காலக் கதைகளை ஆரம்பித்தார். எல்லைக்கல்லைப் பக்கத்து வீட்டுக்காரன் நகர்த்தியது, நாய் துரத்தியது, அதிகாரி சேற்றில் விழுந்தது. "போதும் சார், உங்க இதயம் நல்லா இருக்கு, கிளம்புங்க!" என்று டீச்சர் விசில் ஊதி விரட்ட வேண்டியிருந்தது.

டீச்சருக்குள்ளும் ஏதோ மாறியது. ஒரு நோட்டு வாங்கினார். காலை வகுப்பில் ஒவ்வொருவரையும் முதலில் குளத்தைச் சுற்றி நடக்கவிட்டு எண்ணினார், பிறகு நீந்தவிட்டு எண்ணினார். ஆறு செகண்டு போதாதென்று, பதினைந்து செகண்டு எண்ணி நாலால் பெருக்கினார். என்னையும் விடவில்லை. எனக்கு எட்டு குறைந்தது. ஒருவருக்குப் பதினாறு. ஒரு அம்மாவுக்குக் குறையவே இல்லை. தலையைத் தூக்கியபடி, பயந்து பயந்து நீந்துகிறவர் அவர். "பயத்துக்கு எந்தத் தண்ணியும் மருந்து இல்ல," என்று நோட்டில் குறித்துக்கொண்டு, டீச்சர் அந்த அம்மாவுக்கு முதலிலிருந்து மிதக்கச் சொல்லிக் கொடுத்தார். கத்தாமல்.

ஆஸ்பத்திரிக்காரர்கள் வாரம் ஒரு மதியம், நீந்தப் போகிற இதய நோயாளிகளிடம் பேச அவரைக் கூப்பிட்டார்கள். முதல் நாள் துணைக்கு நானும் போனேன். பன்னிரண்டு பேர், பத்துப் பேர் மணிக்கட்டில் கடிகாரம். டீச்சர் கையில் ஒரு வாளி.

"முதல்ல சொல்லிடறேன், இதுக்குள்ள நீங்க யாரும் முகத்தை விடக் கூடாது. நான்தான் விடுவேன். வாட்ச்சைத் தூக்கிப் போடச் சொல்லல. தரையில போட்டுக்கங்க. தண்ணியில எத்தனை நீளம் போனீங்கன்னு கேளுங்க, சொல்லும். நெஞ்சைப் பத்தி மட்டும் அதுகிட்ட பேச்சுக் கொடுக்காதீங்க."

வேனில் காலத்தில் ஒரு காலை சர்வேயர் முதல் முறையாக முழு கிலோமீட்டர் நீந்தினார், நடுவில் ஒன்பது கதைகளோடு. மேலே வந்து கடிகாரத்தைப் பார்த்தார்.

"நாப்பத்தொரு நீளம்னு காட்டுது டீச்சர்."

"நாப்பது. நடுவுல நின்னு கண்ணாடி சரி பண்ணீங்க, அதை ஒண்ணா எண்ணிடுச்சு."

"யார் சாட்சி?"

டீச்சர் என்னைப் பார்த்தார். சர்வேயரும் என்னைப் பார்த்தார். நான் நாற்பது என்றேன். உண்மையில் நான் அப்போது யாருக்கோ பஞ்சு தேடிக்கொண்டிருந்தேன். ஆனால் வேலை செய்கிற இடத்தில் யாரைப் பகைத்துக்கொள்ளக் கூடாது என்பதை அளந்து பார்க்க எந்தக் கருவியும் தேவையில்லை. சர்வேயர் முனகிக்கொண்டே மறுபடி தண்ணீரில் இறங்கி, படி வழியாக, மெதுவாக, கடிகாரக் கணக்கை மெய்யாக்க இன்னொரு நீளம் நீந்தினார்.